இட்லித் தட்டில் ஆவி, துகள், பக்கத்துப் பொருள்: எதை முதலில் வைப்பது?

"வீட்டிலிருந்தே காலை டிபன் ஆர்டர் எடுக்கிறேன் அண்ணா. போன்ல இட்லி, வடை, சாம்பார் படம் எடுக்கும்போது எவ்வளவு சூடா வைச்சாலும் ஆவி விழவே மாட்டேங்குது. சுத்தி ஏதாவது வைச்சா கடை பரப்பின மாதிரி ஆயிடுது, எதையாவது தூவினா குப்பையாத் தெரியுது. எப்படி சரி பண்றது?"

சூடு போதாமல் ஆவி தெரியாமல் போவது அபூர்வம். பெரும்பாலும் வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து வருகிறது. அதைவிட முக்கியம், வேலையைச் செய்கிற வரிசை. நிறையப் பேர் சுடச்சுட இட்லியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் டம்ளரை எங்கே வைக்கலாம், துண்டை எப்படி மடிக்கலாம் என்று யோசிக்கிறார்கள். அதற்குள் ஆவியும் போய்விடும், இட்லியின் மேல்தோலும் காய்ந்துவிடும்.

நான் ஓட்டல் மெனுக்களுக்குப் படம் எடுப்பவன். எங்கள் வேலையில் வரிசை இதுதான்: அதிக நேரம் தாங்குகிற பொருள் முதலில், சீக்கிரம் அழிகிற பொருள் கடைசியில். டம்ளர், துண்டு, இலை எல்லாம் நாள் முழுக்க அப்படியே இருக்கும். துகள் கால் மணி நேரம், அரை மணி நேரம் தாங்கும், பிறகு எண்ணெய் ஊறி நமுத்துவிடும். சாம்பாரில் ஐந்து நிமிடத்தில் ஏடு படியும். ஆவிக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதனால் படம் எடுக்கப் போகிற இட்லி இறங்கும் முன்பே மற்ற எல்லாம் முடிந்து, கேமரா நின்று, வெளிச்சம் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் நேற்றைய இட்லி இரண்டு உட்கார்ந்திருக்கட்டும். அதை நாங்கள் டம்மி என்போம், கடைசியில் வருவது ஹீரோ.

முதலில் வெளிச்சம். கண்ணுக்குத் தெரிகிற ஆவி உண்மையில் மிக நுண்ணிய நீர்த்துளிகள்தான். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் விழும்போது அந்தக் கற்றையில் மட்டும் தூசி மின்னும், பார்த்திருப்பீர்கள். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் தூசி பளிச்சென்று தெரியும், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. ஆவித்துளியும் அப்படித்தான், தன்மேல் பட்ட ஒளியில் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறவிடும், திருப்பி அனுப்புவது கொஞ்சம்தான். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தாலோ, போனின் பிளாஷ் எரிந்தாலோ ஆவி காணாமல் போவது இதனால்தான். ஜன்னல் தட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும், நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி. கடிகார முகத்தில் நீங்கள் 6-ல் நிற்கிறீர்கள் என்றால் ஜன்னல் 10-க்கும் 11-க்கும் நடுவில் வரட்டும்.

இதோடு இன்னொன்றும் சேர வேண்டும். ஆவிக்குப் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை ஆவி எங்கே தெரியும்? தட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு அடி தள்ளி ஒரு கறுப்புத் துணியோ, கரும்பழுப்பு மரக் கதவோ இருந்தால் போதும். ஜன்னல் வெளிச்சம் அந்தத் துணியில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் இட்லியின் முன்பக்கம் இருண்டுபோகும், அதற்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தட்டுக்கு முன்னால், படத்தில் விழாத இடத்தில் சாய்த்து வையுங்கள். அது ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ரொம்பக் கிட்டே கொண்டுவந்தால் இட்லி தட்டையாகிவிடும், ஓர் அடி தள்ளியே இருக்கட்டும்.

காற்றையும் கவனிக்கணும். மார்கழிக் காலையில் வாயைத் திறந்தாலே புகை வருகிறது, மே மாத மதியத்தில் கொதிக்கிற சாம்பாரில்கூட மெல்லிய நிழல் போலத்தான் ஆவி எழும். சுற்றுக்காற்று குளிராக இருந்தால்தான் நீராவி துளியாக மாறிக் கண்ணுக்குத் தெரியும். அதனால் வெயில் ஏறும் முன் ஆறரை ஏழு மணிக்கு எடுங்கள். ஏசி இருக்கிற அறை என்றால் அரை மணி நேரம் ஓடவிட்டு, எடுக்கப்போகும்போது அணைத்துவிடுங்கள். மின்விசிறியும் அணைந்திருக்க வேண்டும். ஒரு உணவகத்தில் நான் இரண்டு மணி நேரம் போராடினேன், பொங்கலில் ஆவி எழுந்த உடனே இடது பக்கம் படுத்துவிட்டது. தலைக்கு மேலே ஏசி வாய் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அணைத்த பிறகு மூன்றாவது தட்டிலேயே படம் கிடைத்தது.

போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/60-க்கும் 1/125-க்கும் நடுவில் வையுங்கள். 1/15 மாதிரி மெதுவாகப் போனால் ஆவி வெறும் மூடுபனியாகக் கலங்கிவிடும், 1/1000 மாதிரி வேகமாகப் போனால் சுருள் விறைத்துப்போய்ப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஹெச்டிஆர், நைட் மோட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை பல படங்களை ஒன்றாக்குபவை, ஒவ்வொன்றிலும் ஆவி ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் கடைசியில் அழுக்குப் படலம் மாதிரி வரும். போகஸை டம்மி இட்லியின் முன் விளிம்பில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் போன் ஆவியைப் பிடிக்கப் பார்த்து இட்லியைக் கோட்டைவிடும். ரொம்பக் கிட்டேயும் போகாதீர்கள், லென்ஸில் ஆவி படிந்தால் படம் முழுக்க மங்கும். இரண்டு அடி தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுப்பது நல்லது.

அடுத்தது பக்கத்துப் பொருள்கள். கடை பரப்பினது போலத் தெரிவதற்குக் காரணம் பொருள் அதிகமாக இருப்பது மட்டும் இல்லை. எந்த நேரத்துப் படம் என்று முடிவு செய்யாமலே பொருள் வைக்கிறோம். சமைக்கிற நேரமா, பரிமாறுகிற நேரமா, சாப்பிட ஆரம்பித்த நேரமா? மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். சாம்பார் கிண்ணத்தைச் சுற்றிக் காய்ந்த மிளகாய், கொத்தமல்லி விதை, பச்சை உளுந்து எல்லாம் பரப்பி வைத்த படங்கள் நிறைய வருகின்றன. சாப்பிடுகிற இடத்தில் பச்சை உளுந்து எதற்கு? அது அம்மிப் பக்கம், ஆட்டுக்கல் பக்கம் இருக்க வேண்டியது. நீங்கள் டிபன் விற்பவர், அதனால் உங்களுக்குச் சரியான நேரம் முதல் வாய் எடுக்கும் நேரம். அந்த நேரத்தில் மேசையில் என்ன இருக்கும்? தட்டு, சாம்பார்க் கிண்ணம், சட்னி, இட்லிப் பொடி, காபி டம்ளர், கைதுடைக்கத் துண்டு. அவ்வளவுதான். இதிலும் டம்ளரையும் துண்டையும் பாதி படத்துக்கு வெளியே போகிற மாதிரி வைத்தால் கண் தட்டிலேயே நிற்கும், மேசை இன்னும் நீண்டு கிடக்கிற உணர்வும் வரும்.

அளவைப் பாருங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு பன்னிரண்டு அங்குலம் இருக்கும், அதில் இரண்டு இட்லி வைத்தால் மைதானத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். எட்டு அங்குலத் தட்டு எடுங்கள். டம்ளரும் சின்ன டபரா செட்டாக இருக்கட்டும், பெரிய டம்ளர் பக்கத்தில் இட்லி சிறுத்துவிடும். நிறம் என்று பார்த்தால், இட்லி வெள்ளை, தேங்காய்ச் சட்னியும் வெள்ளை, தட்டும் வெள்ளையாக இருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிடும். வாழை இலையை வட்டமாக வெட்டித் தட்டில் போடுவது நம் ஓட்டல்கள் கண்டுபிடித்த நல்ல வழி, பச்சையின் மேல் வெள்ளை எடுப்பாகத் தெரியும். முழு இலை போடுவதானால் நுனி சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், அதனால் சாப்பிடுபவர் உட்காரும் பக்கத்திலிருந்தே எடுங்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தால் நுனி வலப்பக்கம் தெரியும், பார்க்கிறவர்கள் உடனே இலையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பார்கள்.

எவர்சில்வரில் ஒரு தொல்லை உண்டு. டபராவின் வயிற்றில் ஜன்னல், நீங்கள், உங்கள் சட்டை எல்லாம் தெரியும். கலர்ச் சட்டை போடாதீர்கள், கறுப்பு அல்லது சாம்பல் நிறம் போடுங்கள். டபராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதில் பயன் இல்லை, அது வட்டம், எப்படித் திருப்பினாலும் அதேதான் தெரியும். பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினால் பளபளப்பின் நடுவே ஒரு கருங்கோடு விழும், அதுதான் பாத்திரத்துக்கு வடிவம் கொடுக்கும். ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினாலும் அந்தக் கண்ணைப் பறிக்கிற வெள்ளைப் புள்ளி பரவி மிருதுவாகும்.

இனி துகள். நீங்கள் தூவினது குப்பையாகத் தெரிந்தது என்றால், அது எந்தச் செயலிலிருந்தும் விழாத துகள் என்றுதான் அர்த்தம். துகளுக்கு ஒரு காரணம் வேண்டும். சூடான நல்ல இட்லியைப் பிட்டால் ஒன்றும் உதிராது, அதனால் இட்லியைச் சுற்றி வெள்ளைத் துணுக்கு கிடப்பது பொய். வடையைப் பிட்டால் மொறுமொறு மேல்தோல் உதிரும், அது உண்மை. பொடியில் எண்ணெய் ஊற்றும்போது ஓரத்தில் கொஞ்சம் சிந்தும், அதுவும் உண்மை. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வடைத் துகளுக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு வடையை மட்டும் கூடுதலாகச் சிவக்கவிட்டு எடுங்கள், எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அதைத் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, எந்தக் கையால் சாப்பிடுவார்களோ அந்தப் பக்கம், அதாவது வலப்பக்கம், இரண்டாகப் பிளந்துவிடுங்கள். விழுவது விழட்டும். பெரிய சில்லு இரண்டு மூன்று தட்டை ஒட்டியும், சின்னது கொஞ்சம் தள்ளியும், பொடிப்பொடியாக இன்னும் தள்ளியும் தானாகவே விழும். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்தால் இந்த ஒழுங்கின்மை வராது, கோலப் புள்ளி மாதிரி சம இடைவெளியில் உட்கார்ந்துவிடும். விழுந்த பிறகு நம் வேலை கழிப்பது மட்டும்தான். ஒரு சின்னப் பெயிண்ட் பிரஷால் தேவையில்லாததை ஒதுக்குங்கள். உள்ளே இருக்கிற வெள்ளைச் சதை விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள், படத்தில் அது மென்று துப்பினது மாதிரி தெரியும். சட்னி மேல் விழுந்தது, இட்லி மேல் விழுந்தது எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு படத்தை எடுத்துப் போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் அந்த அளவில்தான் முதலில் பார்க்கப் போகிறார். அந்த அளவில் துகள் தூசியாகத் தெரிந்தால் பாதியைத் துடைத்துவிடுங்கள்.

கடுகை மட்டும் துணியில் சிந்தவே சிந்தாதீர்கள். ஒரு படத்தில் வெள்ளைத் துண்டின் மேல் தாளித்த கடுகு நாலைந்து விழுந்து கிடந்தது, எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. பார்த்த ஓட்டல்காரர் முதலில் கேட்டது, "எறும்பா அது?" மிளகும் அப்படித்தான். கறுப்பாகச் சின்னதாக இருப்பது எதுவும் வெள்ளைப் பரப்பில் வேண்டாம், சாம்பார் மேலும் பொங்கல் மேலும் இருக்கட்டும்.

சரி, ஒரு காலை வேலையை முழுசாகச் சொல்கிறேன். ஏழு மணி. ஜன்னலிலிருந்து இரண்டடியில் மேசை, பின்னால் கறுப்புத் துணி, முன்னால் தெர்மாகோல். போன் ஸ்டாண்டில், தட்டைவிட ஒரு சாண் உயரத்தில், கொஞ்சம் கீழ்நோக்கி. நேர் மேலிருந்து எடுத்தால் ஆவிக்குப் பின்னால் இருட்டு கிடைக்காது, அதனால் ஆவிப் படத்துக்கு இந்தப் பக்கவாட்டுக் கோணம்தான். இலை, டம்மி இட்லி, காலிக் கிண்ணம், டபரா, துண்டு எல்லாம் வைத்துப் பத்து இருபது படம் எடுத்துச் சரிசெய்துகொண்டேன். ஏழே கால் ஆனபோது அடுப்பில் ஹீரோ ஈடு வெந்துகொண்டிருந்தது. கூடவே அதே கொப்பரையில் எலுமிச்சை அளவு பஞ்சு உருண்டைகள் இரண்டை நனைத்து ஒரு குழியில் வைத்திருந்தேன். வடையைப் பிளந்து துகளைக் கழித்து முடித்தேன். சட்னியைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்து, கடைசியில் வைத்தேன். தண்ணீர் விட்டரைத்தால் ஓரத்தில் நீர் பிரிந்து இலையில் ஓடும். சாம்பாரில் காய் முழுகிவிடும் என்பதால் வெந்த முருங்கைத் துண்டையும் சின்ன வெங்காயத்தையும் தனியே எடுத்துவைத்து, ஊற்றின பிறகு மேலாக அமர்த்தினேன். இதில் ஓர் எல்லை இருக்கிறது. கிண்ணத்துக்கு அடியில் எதையாவது போட்டு, இல்லாத காயை இருப்பதுபோல் காட்டக் கூடாது. சூப் விளம்பரத்தில் காய்கறி மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தில் கண்ணாடிக் கோலி போட்டதற்காக கேம்பெல் நிறுவனத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது, 1970 வாக்கில் நடந்த விவகாரம் அது. நீங்கள் அனுப்பப் போகிற கிண்ணத்தில் எத்தனை துண்டு முருங்கை இருக்குமோ, அத்தனை துண்டுதான் படத்திலும்.

ஏழு இருபத்தைந்துக்கு விசிறியை நிறுத்தினேன். மனைவி டம்மியை எடுத்துவிட்டு ஹீரோ இட்லி இரண்டை வைத்தார், இடுக்கியால் பஞ்சு உருண்டைகளை எடுத்து இட்லிக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல் மறைத்தார். பின்னால் என்பது முக்கியம், இட்லிக்கு முன்னால் ஆவி வந்தால் இட்லியின் முகமே மங்கிப்போகும். பிறகு முன்னால் இருந்த இட்லியைக் கையால் மேல்நோக்கிப் பிட்டார். கத்தியால் வெட்டக் கூடாது, வெட்டினால் உள்ளே இருக்கிற கண்கண்ணான துளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும். சூடாக இருக்கும்போது பிட்டால் பஞ்சு மாதிரி பிரியும், ஆறினது அப்படிப் பிரியாது. பிட்ட அந்தக் கணம் உள்ளிருந்து ஒரு கற்றை ஆவி தனியாக எழும், பஞ்சு தருகிற ஆவியைவிட அது உயிரோட்டமாக இருக்கும். அந்த நேரத்தில் நான் ஷட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். நாற்பது படம், ஏறக்குறைய ஒரு நிமிடம்.

ஊதுவத்தியையோ சாம்பிராணியையோ மறைத்து வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது புகை, ஆவி இல்லை, பார்த்தாலே தெரியும். கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கும், ஒற்றைக் கோடாக எழுந்து மேலே போய்ச் சுருளும், கலையாமல் நிற்கும். ஆவி அகலமாக எழுந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் போனதும் காற்றில் கரைந்துவிடும். போதாததற்கு இட்லியில் ஊதுவத்தி வாசனை ஏறிவிடும், அப்புறம் அதை யார் சாப்பிடுவது?

எவ்வளவு செய்தும் ஆவி கிடைக்காத நாள் வரும், மே மாதத்தில் நிறைய வரும். அப்போது தனியாக எடுத்துச் சேர்க்கலாம். போனை அசைக்காமல், முதலில் தட்டை ஆவி இல்லாமல் தெளிவாக எடுங்கள். பிறகு தட்டை எடுத்துவிட்டு, மேசையையும் கறுப்புத் துணியால் மூடி, அதே இடத்தில் கொதிநீர்க் கிண்ணம் வைத்து ஆவியை மட்டும் எடுங்கள். கிண்ணத்தையும் கறுப்புத் துணியால் சுற்றிவிடுங்கள். Snapseed-ல் முதல் படத்தைத் திறந்து Double Exposure போய், ஆவிப் படத்தைச் சேர்த்து Lighten தேர்ந்தெடுத்தால் கறுப்பெல்லாம் மறைந்து ஆவி மட்டும் மேலே உட்காரும். கறுப்பு சரியான கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தால் படத்தின் இருட்டான பகுதி முழுக்க வெளுத்துத் தெரியும், அப்படி வந்தால் சேர்க்கும் முன் ஆவிப் படத்தை இன்னும் இருட்டாக்குங்கள்.

இப்படிச் சேர்க்கும்போது ஆவி எங்கிருந்து எழுகிறது என்று பாருங்கள். இட்லியிலிருந்தும் சாம்பாரிலிருந்தும் எழலாம், காபியிலிருந்து எழலாம். தேங்காய்ச் சட்னிக்கு மேல் ஆவி எழுந்தால் சமையல் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். எல்லா ஆவியும் ஒரே பக்கம் சாய வேண்டும், சாம்பார் ஆவி வலப்பக்கமும் இட்லி ஆவி இடப்பக்கமும் போனால் அறையில் இரண்டு காற்று வீசுகிற மாதிரி ஆகிவிடும்.

அன்றைய நாற்பதில் முதல் எட்டுப் படத்தில் ஆவி அடர்த்தியாக இருந்து பிட்ட இட்லியின் துளைகளை மறைத்துவிட்டது. கடைசிப் பத்தில் ஆவியே இல்லை, சாம்பாரில் ஏடும் விழ ஆரம்பித்திருந்தது. நான் எடுத்துக்கொண்டது பதினேழாவது. அதில் ஆவி பிட்ட இடத்திலிருந்து எழுந்து, டபராவின் விளிம்பைத் தொடாமல் அதற்குச் சற்று முன்பாகவே கரைந்திருந்தது.